91-வது நாள்

என் கணவர் ஒரு நாளைக்கு ஒன்பது மாத்திரை விழுங்குகிறார். காலை எட்டு மணிக்கு ஐந்து, இரவு எட்டு மணிக்கு நான்கு. 2014-ஆம் ஆண்டு அவருடைய அக்கா கொடுத்த சிறுநீரகம் அவர் அடிவயிற்றின் வலது பக்கத்தில் இருக்கிறது. அது அங்கே இருக்கும்வரை இந்தக் கணக்கு தொடரும். மருத்துவர் எண்ணிக்கையைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்த முடியாது.

அறுவைச் சிகிச்சையைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். எத்தனை மணி நேரம், எத்தனை தையல், அக்கா எப்படி இருக்கிறார் என்று பாகான் டாலாமில் பார்க்கிறவர்கள் எல்லாம் விசாரித்தார்கள். அக்கா நன்றாக இருக்கிறார். கொடுத்தவர் என்பதால் ஆண்டுக்கு ஒரு முறை ரத்த அழுத்தமும் சிறுநீரும் ரத்தமும் பார்த்துக்கொள்கிறார், அவ்வளவுதான். ஆனால் ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அந்த ஒன்பது மாத்திரைக்குக் காசு யார் கொடுப்பது? நான் பட்டர்வொர்த்தில் துறைமுகச் சரக்குக்குப் பத்திரம் தயாரிக்கிற ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறவள். சின்ன எழுத்தில் இருப்பதைப் படிப்பதுதான் என் பிழைப்பு. அதனால் இந்தக் கேள்வி எனக்கு அறுவைக்கு முன்பே வந்துவிட்டது.

அப்போது அவர் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம், ரத்தச் சுத்திகரிப்பு மையத்தில் படுத்திருந்தார். பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கம்பெனி கொடுத்த மெடிக்கல் கார்ட் ஒன்று இருந்தது. அக்கா தருவதாகச் சொன்னதும், தனியார் மருத்துவமனையில் சீக்கிரம் முடித்துவிடலாமே என்று வீட்டில் பேச்சு எழுந்தது. கார்டின் அட்டவணையில் "உறுப்பு மாற்று அறுவை" என்று தனி வரியே இருந்தது. கொழுந்தனார் அதைக் காட்டி, "பாருங்க அண்ணி, எல்லாம் கவர் ஆகுது" என்றார்.

நான் அட்டவணையை விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் இருக்கும் விளக்கப் பக்கங்களை எடுத்தேன். நம் நாட்டு மெடிக்கல் கார்டுகளில் இந்தப் பகுதியின் வாசகம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். உறுப்பைப் பெறுகிறவருக்குச் செய்யும் அறுவைக்கான செலவு கிடைக்கும், அதுவும் ஆயுளில் ஒரே ஒரு முறை. உறுப்பைப் பெறுவதற்கான செலவும், கொடுக்கிறவருக்கு ஆகும் செலவும் கிடைக்காது. அதாவது தம்பிக்குக் கார்ட் கட்டும். பக்கத்து அறையில் படுத்திருக்கும் அக்காவுக்குக் கட்டாது. இதையாவது கடன் வாங்கிச் சமாளிக்கலாம் என்று நினைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

மருந்துக்கு என்ன என்று தேடினேன். "மருத்துவமனையிலிருந்து வெளியேறிய பிறகு தொடரும் சிகிச்சை" என்ற தலைப்பில் இருந்தது. எங்கள் கார்டில் 90 நாள். சில கார்டுகளில் 60 நாள், சிலவற்றில் அதற்கும் குறைவு. அந்த நாட்களுக்குள் எழுதித் தரும் மருந்துக்குத்தான் பணம். 91-வது நாள் காலை எட்டு மணிக்கு விழுங்க வேண்டிய மாத்திரை எங்கள் சொந்தச் செலவு.

இதில் ஒரு விசித்திரம். அதே கார்டில், படுக்கையில் சேராமல் வெளிநோயாளியாகச் செய்துகொள்ளும் ரத்தச் சுத்திகரிப்புக்குத் தனி வரி இருந்தது. ஆண்டுதோறும் இவ்வளவு வரை என்று வரம்பு போட்டுக் கட்டுவார்கள். சிறுநீரகம் கெட்டு இயந்திரத்தில் படுத்திருந்தால் ஆண்டுக்கணக்கில் பணம் உண்டு. மாற்றுச் சிறுநீரகம் வைத்து நடமாடினால், அதைக் காப்பாற்றும் மாத்திரைக்கு மூன்று மாதத்தோடு சரி. முகவர் நல்ல பையன். ஏமாற்றுகிறவன் இல்லை. நான் பக்கத்தைக் காட்டிக் கேட்டதும் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டான். "ஆமாக்கா, அது வெளிநோயாளி மருந்துன்னு சொல்றாங்க" என்றான். கொடிய நோய்க் காப்பீடு என்று தனியாக ஒன்றும் எடுத்திருந்தோம். 36 நோய்களுக்கு ஒரே தொகையாகக் கொடுப்பார்களே, அது. அதில் சிறுநீரகச் செயலிழப்பும் உண்டு, உறுப்பு மாற்றும் உண்டு. ஆனால் சிறுநீரகம் கெட்டபோதே நாங்கள் அந்தப் பணத்தை வாங்கிவிட்டோம். எங்கள் பத்திரம் ஒரு முறை கொடுத்ததும் முடிந்துவிடும் வகை.

இந்த மாத்திரைகள் எதற்கு என்று சொன்னால்தான் 91-வது நாளின் கனம் புரியும். உடம்புக்கு அண்ணன், தம்பி, அக்கா என்றெல்லாம் தெரியாது. தன்னுடையது அல்லாத எதுவும் அதற்கு எதிரிதான். காய்ச்சல் கிருமியைத் தாக்குகிற அதே படை அக்காவின் சிறுநீரகத்தையும் தாக்கும். அந்தப் படையைப் பாதித் தூக்கத்தில் வைத்திருப்பதுதான் இந்த மருந்துகளின் வேலை. முழுத் தூக்கத்தில் ஆழ்த்தினால் சாதாரணச் சளியே ஆளைக் கொண்டுபோய்விடும். விழிக்க விட்டால் சிறுநீரகம் போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுகிய வரப்பில்தான் நடக்க வேண்டும்.

இவருக்கு மூன்று மருந்து. டாக்ரோலிமஸ் 1 மில்லிகிராம் குளிகை, வேளைக்கு மூன்று. மைக்கோபினோலேட் 500 மில்லிகிராம் வேளைக்கு ஒன்று. பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராம் காலையில் மட்டும் ஒன்று. முதலாவதுதான் ராஜா. அது ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை அளந்து அளந்துதான் கொடுப்பார்கள். அறுவை முடிந்த புதிதில் அளவு அதிகமாக வைத்திருந்தார்கள். இப்போது எங்கள் மருத்துவர் வைத்திருக்கும் எல்லை 5-லிருந்து 8 வரை. ஐந்துக்குக் கீழே போனால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. மிக அதிகமானாலும் அந்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். கை நடுங்கும், சர்க்கரையும் ஏறலாம். காக்கிற மருந்துதான், ஆனாலும் கண்காணிக்காமல் விட முடியாது. அதனால்தான் மருந்து வேறு, பரிசோதனை வேறு என்று பிரித்துக் கணக்குப் போடக் கூடாது. மாத்திரை மட்டும் இலவசமாகக் கிடைத்து, ரத்தப் பரிசோதனைக்கு ஆள் இல்லை என்றால் பாதிக் காப்பீடுதான்.

ஒரு தனியார் மருந்துக்கடையில் எங்கள் மாதக் கணக்கைக் கொடுத்து விலை கேட்டேன். அவர் எழுதிக் கொடுத்த தொகை நான்கிலக்கம். என் கணவரின் அன்றைய சம்பளத்தில் அதைக் கழித்தால் வீட்டுக் கடனுக்கு இருக்கும், சாப்பாட்டுக்கு இருக்காது. இரண்டு பேரும் அன்றிரவு அதைப் பற்றிப் பேசவே இல்லை. தாளை மடித்துக் குளிர்பெட்டியின் மேல் வைத்துவிட்டேன்.

அரசாங்க மருத்துவமனையில்தான் செய்துகொண்டோம், கோலாலம்பூரில். காத்திருப்பு நீளமாக இருந்தது. அக்காவுக்கும் இவருக்கும் ஏகப்பட்ட பரிசோதனை. ஆனால் அரசாங்க வழியில் போனால் 91-வது நாள் என்று ஒன்று கிடையாது. குடிமக்களுக்கு நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளி கட்டணம், மருந்து அதோடு சேர்த்தி. நான்கிலக்கத் தொகை எழுதிய அந்தத் தாளின் பக்கத்தில் இந்த 5 வெள்ளி ரசீதை வைத்துப் பார்த்தால்தான் நம் வரிப்பணம் எங்கே போகிறது என்பது எனக்குப் புரிந்தது. அலுத்துக்கொள்ள வேறு எத்தனையோ இருக்கிறது. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இது எல்லாருக்கும் திறந்த கதவு அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் நம் ஆட்கள் பலர் சீனாவுக்கும் வேறு நாடுகளுக்கும் போய்க் காசு கொடுத்துச் சிறுநீரகம் வைத்துக்கொண்டு வந்தார்கள். திரும்பி வந்ததும் அரசாங்க மருத்துவமனையில் மாத்திரை வாங்கிக்கொள்வார்கள். உறுப்பு வாணிபத்தைத் தடுக்க வேண்டும் என்று சுகாதார அமைச்சு 2011-இல் ஒரு முடிவை அறிவித்தது. 2012 ஜனவரி முதல் தேதிக்குப் பிறகு வெளிநாட்டில் விலைக்கு வாங்கி வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இந்த மருந்து அரசாங்கச் செலவில் கிடையாது என்பதே அது. எங்கள் வட்டாரத்தில் ஒருவருக்கு அண்ணன் தம்பிகள் சேர்ந்து அந்தப் பயணத்துக்குக் காசு திரட்டிக்கொண்டிருந்தார்கள். விமானம், மருத்துவமனை, தரகர் எல்லாம் கணக்கில் இருந்தது. மாத்திரை மட்டும் கணக்கில் இல்லை. இதைக் கேட்டபின் அவர்கள் போகவில்லை. அவர் இயந்திரத்திலேயே ஆறு ஆண்டு இருந்து காலமானார். விதி சரியா தப்பா என்று என்னைக் கேட்டால், யாரோ ஓர் ஏழையின் வயிற்றைக் கிழித்து எடுப்பதற்கு நம் வரிப்பணம் துணைபோகக் கூடாது என்பதை ஒப்புக்கொள்வேன். ஆனாலும் அவர் மனைவியை அங்காடியில் பார்க்கும்போது இந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்.

மாதா மாதம் நடப்பது இதுதான். அறுவை கோலாலம்பூரில் என்றாலும் சில மாதங்களில் தொடர் சிகிச்சையைப் பினாங்குக்கு மாற்றிக் கொடுத்தார்கள். கிளினிக் தீவில். முதலில் வாரம் ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை, இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை. கிளினிக் நாளன்று காலை மாத்திரையை விழுங்கக் கூடாது. முந்தைய இரவு எட்டு மணிக்கு விழுங்கியது பன்னிரண்டு மணி நேரத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்றுதான் அளக்கிறார்கள். காலை மாத்திரையை விழுங்கிவிட்டு ரத்தம் கொடுத்தால் எண் எகிறிக் காட்டும். அதைப் பார்த்து மருத்துவர் மருந்தைக் குறைத்தால் வினை. அதனால் மூன்று குளிகையையும் மற்றதையும் ஒரு சின்ன டப்பாவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். விடியற்காலையில் பெர்ரி ஏறி, எட்டு மணிக்கு ஊசி குத்திய கையோடு பஞ்சை அமுக்கிக்கொண்டே மாத்திரையை விழுங்குவார். சாப்பாடு அதற்கு ஒரு மணி நேரம் கழித்து. வெறும் வயிற்றில் போட்டால்தான் அந்த மருந்து ஒழுங்காக ஏறும். மருத்துவமனைக் கடையில் ரொட்டிச் சானாய் வாசம் வரும், இவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

மருந்துச் சீட்டு மூன்று மாதத்துக்கு எழுதுவார்கள். ஆனால் மருந்தை மாதம் ஒரு முறைதான் கொடுப்பார்கள். அப்படியானால் நடுவில் இரண்டு முறை வெறும் மருந்துக்காகவே தீவுக்குப் போக வேண்டுமா? வேண்டாம். எஸ்.பி.யு.பி. என்று ஓர் ஏற்பாடு அரசாங்க மருந்தகங்களில் இருக்கிறது. சீட்டு எழுதிய மருத்துவமனையில் முதல் மாத மருந்தை வாங்கும்போதே, "அடுத்த மாதம் நான் எங்கள் பக்கத்தில் வாங்கிக்கொள்கிறேன்" என்று சொன்னால், அவர்கள் பதிந்து நீங்கள் சொல்லும் அரசாங்க மருத்துவமனைக்கோ கிளினிக்குக்கோ தகவல் அனுப்புவார்கள். நாங்கள் கடலைத் தாண்டாமல் இந்தப் பக்கமே வாங்குகிறோம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்த மருந்துகள் நிபுணர் கையெழுத்து இருந்தால்தான் கொடுக்கக்கூடியவை. பக்கத்துச் சின்ன கிளினிக்கில் இருமல் மருந்து மாதிரி அலமாரியில் இருக்காது. உங்களுக்கென்றே வரவழைக்க வேண்டும். எனவே தேதிக்கு ஒரு வாரம் முன்பே போன் செய்து, "வந்துவிட்டதா, முழு எண்ணிக்கையும் இருக்கிறதா" என்று கேட்பேன். 30 நாளுக்கு டாக்ரோலிமஸ் 180 குளிகை, மைக்கோபினோலேட் 60, பிரெட்னிசோலோன் 30. ஜன்னலை விட்டு நகர்வதற்கு முன் அங்கேயே நின்று எண்ணுவேன். பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். விடட்டும்.

அப்படி எண்ணியதால்தான் நான்கு ஆண்டுக்கு முன் ஒரு முறை தெரிந்தது. எந்த மருந்தகம் என்று சொல்லத் தேவையில்லை. 180-க்குப் பதில் 90 குளிகைதான் இருந்தது. இருப்பு வரவில்லை, மீதியைப் பிறகு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சீட்டில் குறித்துக் கொடுத்தார்கள். அந்தப் பெண் தாழ்மையாகத்தான் சொன்னாள். 90 என்றால் பதினைந்து நாள். பத்தாம் நாள் போன் செய்தேன், வரவில்லை. பன்னிரண்டாம் நாளும் வரவில்லை. ஒரு வேளைக்கு மூன்றுக்குப் பதில் இரண்டாகப் போட்டு நாட்களை இழுக்கலாமா என்று இவர் கேட்டார். நல்ல மனிதர், காசைப் பற்றிய யோசனை. அப்படித்தான் பல சிறுநீரகங்கள் போயிருக்கின்றன. நிராகரிப்பு வலிக்காது. முதல் சில நாள் எதுவுமே தெரியாது. ரத்தத்தில் கிரியேட்டினின் எண் மட்டும் மெல்ல ஏறும். கால் வீங்கி, எடை கூடி, சிறுநீர் குறைந்து, வைத்த இடத்தில் வலி வந்து, நாமாகக் கண்டுபிடிக்கும்போது சேதம் நடந்திருக்கும். சிறுநீரகத்தில் தழும்பாகிப்போன பகுதி திரும்ப வராது.

நான் தீவுக் கிளினிக்குக்குப் போன் போட்டேன். தாதி ஒருவர் எடுத்தார். எத்தனை குளிகை மிச்சம் என்று கேட்டுவிட்டு, "ஒரு வேளையும் விடக் கூடாது, குறைக்கவும் கூடாது. இங்கே வாங்க, இருக்கிறதைக் கொடுக்கிறோம்" என்றார். அங்கேயும் நான்கு நாளுக்குத்தான் இருந்தது. மேலும் ஒரு வாரத்துக்கு, அதாவது 42 குளிகை, தனியார் கடையில் வாங்கினோம். அதற்குக் கொடுத்த காசில் எங்கள் வீட்டுக்கு ஒரு மாத மளிகை வந்திருக்கும்.

கடைக்காரர் கொடுத்த பெட்டி வேறு நிறம், வேறு கம்பெனி. அதே டாக்ரோலிமஸ்தான், அதே 1 மில்லிகிராம்தான். ஆனால் இந்த மருந்தில் பெயர் ஒன்றாக இருந்தால் போதாது. கம்பெனி மாறினால் உடம்பில் ஏறும் அளவு கொஞ்சம் மாறக்கூடும். மற்ற மருந்துக்கு அது பொருட்டில்லை. 5-க்கும் 8-க்கும் நடுவே நிற்க வேண்டிய மருந்துக்குப் பொருட்டு. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இதில் நாளைக்கு இரண்டு வேளை போடும் வகையும் உண்டு, மெதுவாகக் கரையும் ஒரே வேளை வகையும் உண்டு. பெட்டியைப் பார்த்தால் சட்டென்று வித்தியாசம் தெரியாது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை மாற்றிப் போட்டு ஆபத்தில் முடிந்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. நான் பெட்டியைப் படம் எடுத்துக் கிளினிக்குக்கு அனுப்பி, இரண்டு வேளை வகைதான் என்று உறுதி செய்த பிறகுதான் முதல் குளிகையை அவர் விழுங்கினார். ஒரு வாரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். 4.6. கொஞ்சம் கீழே. கிரியேட்டினின் அசையவில்லை. அதற்குள் பழைய மருந்து வந்துவிட்டது. திரும்ப மாறினோம், திரும்ப அளந்தார்கள், 6.1. அன்றிலிருந்து வீட்டில் ஒரு வார மருந்து கூடுதலாக வைத்திருக்கிறோம், மருத்துவரிடம் சொல்லி, சீட்டில் எழுதி வாங்கியது. அலுமினிய உறையைப் பிரிக்காமல், ஈரம் படாமல் அலமாரியில் இருக்கிறது. புதியது வந்ததும் பழையதை முதலில் எடுப்போம்.

இவ்வளவு செலவையும் அரசாங்கம் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு அமெரிக்காவின் கதையைச் சொல்வேன். அங்கே 1972-இல் ஒரு சட்டம் போட்டார்கள். சிறுநீரகம் செயலிழந்தவர் எந்த வயதானாலும் மெடிகேர் என்ற அரசாங்கக் காப்பீட்டில் சேரலாம். ரத்தச் சுத்திகரிப்புக்கு ஆயுள் முழுக்கப் பணம். மாற்று அறுவைக்கும் பணம். ஆனால் 65 வயதுக்குக் கீழே, வேறு ஊனமும் இல்லாதவர் என்றால், மாற்று அறுவை நடந்து 36 மாதம் ஆனதும் காப்பீடு முடிந்துவிடும், மாத்திரையும் அதோடு நிற்கும். நல்ல வேலையும் வேலை தரும் காப்பீடும் இருப்பவர் தப்பித்தார். இல்லாதவர் மாத்திரையைக் குறைத்தார், ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டார். சிறுநீரகம் போனது. போனதும் என்ன ஆகும்? மறுபடியும் இயந்திரத்துக்கு வருவார். உடனே மெடிகேர் கதவு திறக்கும், மாத்திரையை விடப் பல மடங்கு செலவைக் கட்டும். எங்கள் கார்டில் நான் பார்த்த அதே விசித்திரம், ஒரு நாட்டு அளவில். இதைத் திருத்த மருத்துவர்களும் நோயாளிகளும் பல ஆண்டு மன்றாடி, 2020 டிசம்பரில்தான் சட்டம் வந்தது. 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து, வேறு காப்பீடு இல்லாதவர்கள் மாதச் சந்தா கட்டினால் இந்த மருந்துக்கு மட்டும் தொடர்ந்து காப்பு கிடைக்கிறது. மருந்துக்கு மட்டும்தான். மருத்துவரைப் பார்க்கவும் ரத்தத்தை அளக்கவும் அந்தக் காப்பு உதவாது.

செலவில்லாத சில காவல்களும் உண்டு. சீனப் புத்தாண்டு வந்தால் எங்கள் வீட்டுக்கு ஈப்போ பம்பளிமாஸ் வந்துவிடும்; பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி வருஷம் தவறாமல் கொடுப்பார். பிள்ளைகள் சாப்பிடுவார்கள், இவர் தொட மாட்டார். பம்பளிமாசும் அதன் உறவான கிரேப்ஃப்ரூட்டும் குடலில் இந்த மருந்தைச் சிதைக்கும் வேலையை நிறுத்திவிடும். ரத்தத்தில் மருந்து எகிறிவிடும். பெயர் எழுதாத புட்டியில் வரும் ஜாமு, நாட்டு லேகியம் எதுவும் கூடாது. சளி, காய்ச்சலுக்குப் பக்கத்துக் கிளினிக்குக்குப் போனாலும், முதலில் மாத்திரைப் பட்டியலைத்தான் மேசையில் வைப்பார். கிளாரித்ரோமைசின் மாதிரி சில நுண்ணுயிர்க் கொல்லிகள் மருந்தை ஏற்றிவிடும், காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் அடியோடு இறக்கிவிடும். பட்டியலைக் காட்டினால் மருத்துவர் வேறொன்றைத் தேர்ந்தெடுப்பார், அல்லது தீவுக்குப் போன் போடுவார்.

இவர் அடுத்த ஆண்டு பணி ஓய்வு பெறுகிறார். கம்பெனி கார்ட் அன்றோடு போய்விடும். போகட்டும். கார்ட் இல்லாவிட்டாலும் எங்கள் மருந்து ஜன்னல் அப்படியே இருக்கும். எங்களுக்குக் கவலை மகன்தான். அப்பாவைச் சிங்கப்பூருக்கு வந்து தன்னோடு இருக்கச் சொல்கிறான். போய் ஒரு மாதம் இருக்கலாம், மருத்துவரிடம் சொல்லி அதற்கு மருந்தும் வாங்கிக்கொள்ளலாம். குடியேற முடியாது. இங்கே 5 வெள்ளிக்குக் கிடைப்பது அங்கே வெளிநாட்டவருக்குக் கிடைக்காது. "மாத்திரைக்காகவாம்மா ஊரை விட்டு வரமாட்டேங்கறீங்க" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

போன வாரம் எங்கள் வரிசையில் கடைசி வீட்டுப் பெண் அவள் கணவரின் மெடிக்கல் கார்ட் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவருக்கு இயந்திரம் தொடங்கி எட்டு மாதம். தம்பி தரச் சம்மதித்திருக்கிறான். தனியாரில் செய்துகொள்ளலாம் என்று யோசனை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பக்கம் புரட்டினோம். அவள் பத்திரத்தில் 60 நாள். அதன் பின்பக்கத்தில் மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தேன். தனியாரில் செய்தால் 61-வது நாள் முதல் அரசாங்கக் கிளினிக் இவரை எடுத்துக்கொள்ளுமா, எடுத்துக்கொள்ளும் என்றால் அதை இப்போதே கடிதமாகத் தருவார்களா? தனியாரில் எழுதும் அதே மருந்து, அதே வகை அரசாங்கத்தில் இருக்கிறதா, இல்லை மாற்ற வேண்டி வருமா? ரத்தத்தில் மருந்தின் அளவு பார்ப்பது எங்கே, யார் செலவில்? செவ்வாய்க்கிழமை நிபுணரைப் பார்க்கப் போகிறார்கள். அவள் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பிறகு திரும்ப எடுத்து, "அக்கா, தம்பியோட செலவுன்னு ஒண்ணு சொன்னீங்களே, அதையும் எழுதிக் குடுங்க" என்றாள்.